பனங்கட்டி கசிந்ததா, பார்சல் நனைந்ததா?

"அக்கா, நான் சாவகச்சேரியிலிருந்து பனங்கட்டி காய்ச்சி கூரியரில் அனுப்புகிறேன். வைகாசியில் மட்டும் ஆறு பேர் 'இளகிப் போச்சு' என்று முறைப்பாடு. கொழும்பு மழைக்கு நான் என்ன செய்ய? எது என் பிழை, எது கூரியரின் பிழை என்று எப்படிப் பிரிப்பது?"

முதலில் கட்டியின் படத்தைக் கேட்பதை விடுங்கள். இளகின பனங்கட்டி எதனால் இளகினாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். வெளிப்பெட்டியின் படத்தைக் கேளுங்கள். விலாசம் எழுதின மை கரைந்து, பெட்டியின் ஒரு மூலை ஊறி, அந்தப் பக்கத்து ஓலைக் குட்டான்கள் மட்டும் நனைந்து நடுவில் இருப்பவை காய்ந்திருந்தால் தண்ணீர் வெளியிலிருந்து வந்திருக்கிறது. பெட்டி காய்ந்தபடி இருக்க உள்ளே எல்லாக் குட்டானும் ஒரே அளவில் பிசுபிசுத்தால் காரணம் உள்ளேதான்.

உள்ளே என்றால் இரண்டில் ஒன்று. சுண்ணாம்பு போதாமல், பனையில் இறக்கின கருப்பநீர் புளிக்கத் தொடங்கின பிறகு காய்ச்சியிருப்பீர்கள். அப்போது சீனி உடைந்துவிடும், கட்டி சரியாக இறுகாது, இறுகினாலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இல்லாவிட்டால் சூடு ஆறமுதல் பொலித்தீனில் கட்டியிருப்பீர்கள், அந்த ஆவியே உள்ளே வியர்த்து நீராகும். இரண்டுமே உங்களுடைய பிழைதான்.

படத்தில் பிடிபடாவிட்டால், காய்ச்சினதும் அனுப்பினதும் எழுதிவைக்கும் கொப்பியைப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் காய்ச்சிய திகதியை எழுதி, ஒவ்வொரு காய்ச்சலிலும் இரண்டு குட்டானை அதே மாதிரிப் பொதி செய்து வீட்டில் வையுங்கள். இனி இப்படி ஆறு முறைப்பாடு வந்தால் அவற்றைப் பிரியுங்கள். உதாரணத்துக்கு, நான்கு பெட்டி ஒரே நாள் காய்ச்சினவை, ஆனால் வெவ்வேறு நாளில் வெள்ளவத்தைக்கும் கண்டிக்கும் மட்டக்களப்புக்கும் போனவை என்றால், மூன்று பாதையிலும் ஒரே கோளாறு நடந்திருக்கும் என்று நம்புவது கஷ்டம். வீட்டில் வைத்த மாதிரியைப் பிரித்துப் பாருங்கள், அதுவும் கசிந்திருக்கும். மற்ற இரண்டும் வேறு வேறு காய்ச்சல், ஆனால் ஒரே நாள் ஒரே இடத்துக்குப் போனவை, வீட்டு மாதிரிகளும் காய்ந்திருக்கின்றன என்றால் அது பாதையில் நடந்தது.

பாதையில் நடந்தது எல்லாம் கூரியரின் தலையில் போகாது, இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வைகாசியில் கொழும்பில் மழை பெய்யும் என்று உங்களுக்குத் தெரியும், தெரிந்தும் வெறும் காட்போட் பெட்டியில் அனுப்பினால் சின்னத் தூறலில் நனைந்ததும் உங்கள் கணக்குத்தான். பொதி நன்றாக இருந்தும் ஐந்து நாள் டிப்போவில் கிடந்தது, கிழிந்து போய்ச் சேர்ந்தது, ஆள் இல்லாத வீட்டு வாசலில் மழைக்குள் போட்டுவிட்டுப் போனார்கள் என்பவை மட்டும் கூரியர் கணக்கு.

அப்படியானாலும் வாங்கினவரிடம் "கூரியரைக் கேளுங்கள்" என்று சொல்லாதீர்கள். கூரியருக்குக் காசு கட்டி அனுப்பினது நீங்கள், பற்றுச்சீட்டு இலக்கமும் உங்களிடம்தான் இருக்கிறது. வந்த படங்களோடு அன்றைக்கே நீங்களே முறைப்பாடு போடுங்கள். வாங்கினவரிடம், "பெட்டி நனைந்ததை விடுங்கள், நடுவில் காய்ந்திருந்த கட்டி எப்படி இருந்தது?" என்று தனியாகக் கேட்டு, அவர் சொல்வதைக் கொப்பியில் காய்ச்சிய திகதிக்கு நேரே எழுதிக்கொள்ளுங்கள்.