310 பங்கு 774 ஆனது: சராசரி விலை என்ன?

*கேள்வி: கொழும்புப் பங்குச் சந்தையில் ஒரே கம்பனியின் பங்குகளை இரண்டு தடவையாக வாங்கினேன். முதலில் 200, பிறகு 110. கமிஷனோடு 19,000 ரூபாவும் 11,960 ரூபாவும் போனது. பிறகு 4 பங்குக்கு 1 போனஸ் தந்தார்கள். அதன்பின் ஒரு பங்கை இரண்டாகப் பிரித்தார்கள். இப்போது விலை 43.50. என் எக்செல் கணக்கு 56 வீத நட்டம் காட்டுகிறது. உண்மையா?*
*— ஆசிரியை, ஹட்டன்*

நட்டமில்லை டீச்சர். உங்கள் எக்செலில் விலை மட்டும் புதியது. பழைய சராசரியான 99.87 அப்படியே நிற்கிறது. அதனோடு 43.50ஐ ஒப்பிட்டால் 56 வீதம் வரத்தான் செய்யும்.

சராசரியை மறந்துவிட்டு, கையிலிருந்து போன மொத்தப் பணத்தை எடுங்கள்: 30,960 ரூபா. போனஸுக்கோ பிரிப்புக்கோ நீங்கள் ஒரு சதமும் கட்டவில்லை, ஆகவே இந்தத் தொகை மாறாது. மாறுவது பங்குகளின் எண்ணிக்கை மட்டுமே.

310ஐ நாலால் வகுத்தால் 77.5. அரைப் பங்கு யாருக்கும் கிடைக்காது. அப்படி மிஞ்சும் துண்டுகளைப் பல கம்பனிகள் ஒன்றுசேர்த்து விற்று, பணத்தைத் தர்மத்துக்குக் கொடுத்துவிடும். ஆக உங்களுக்கு 77 சேர்ந்து 387. அது இரண்டாகப் பிரிந்ததும் 774. 30,960ஐ 774ஆல் வகுத்தால் புதிய சராசரி சரியாக 40 ரூபா.

போனஸில் 1.25 மடங்கு, பிரிப்பில் 2 மடங்கு என்று 99.87ஐ நேரடியாக 2.5ஆல் வகுத்தால் 39.95தான் வரும். அந்த ஐந்து சதம், கைவிட்டுப்போன அரைப் பங்கின் வேலை. வரிசையும் முக்கியம்: முதலில் பிரித்து, பிறகு போனஸ் தந்திருந்தால் 620க்கு 155 கிடைத்து 775 ஆகியிருக்கும். அதனால் எண்ணிக்கையை, உங்கள் பங்குகளைப் பதிந்து வைத்திருக்கும் மத்திய வைப்பகமான சிடிஎஸ் அனுப்பும் கூற்றிலிருந்தே எடுங்கள். போனஸ் உரிமை நீங்கிய நாளிலேயே சந்தை விலை இறங்கிவிடும், புதிய பங்குகள் கணக்கில் விழச் சில நாள் செல்லும். அந்த இடைவெளியில் பார்ப்பவர்களுக்குத்தான் நெஞ்சு படபடக்கும்.

இன்றைய பெறுமதி 33,669 ரூபா. விற்றால் கட்டணமாக 1.12 வீதம், ஏறக்குறைய 377 ரூபா, கழியும். மிச்சத்தில் இலாபம் சுமார் 2,332 ரூபா.

இந்தியக் காணொளிகளைப் பார்த்து, பங்குக்குக் கம்பனி குறித்துவைக்கும் பெயரளவு விலையான முகப்புப் பெறுமதியைத் தேட வேண்டாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்துக்குப் பிறகு நம் பங்குகளுக்கு அப்படி ஒன்று இல்லை. போனஸில் ஒதுக்கத்திலுள்ள பணம் கூறப்பட்ட மூலதனத்துக்கு மாறுகிறது, பிரிப்பில் அதுவும் நடப்பதில்லை. உங்கள் கணக்கைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே.

இனி வாங்குவதை மட்டும் பழைய விகிதத்தில் வகுத்துவிடாதீர்கள். உதாரணமாக, கட்டணத்தோடு 42 ரூபா வீதம் இன்னும் 126 பங்கு வாங்கினால் 5,292 ரூபா கூடும். மொத்தம் 36,252 ரூபா, 900 பங்கு, சராசரி 40.28.