பிரிட்ஜ் ஆட்டத்தில் டபுள் சொன்னேன், பார்ட்னர் ஏன் எடுத்துவிட்டார்?

"வலப்பக்கம் ஒரு ஹார்ட்டின் கேட்டார். என்னிடம் ஹார்ட்டினில் ஏஸ், ராணி, ஜாக்கியோடு அஞ்சு சீட்டு. டபுள் சொன்னேன். பார்ட்னர் ரெண்டு கிளாவர் கேட்டுட்டார்!"

பார்ட்னர் செய்தது சரி. அவர் இன்னும் வாயே திறக்காதபோது, எதிராளியின் தாழ்ந்த கேள்விக்கு நீங்கள் முதல் வாய்ப்பிலேயே சொல்லும் டபுள் டேக்அவுட். 'ஹார்ட்டின் எனக்குக் குறைவு, மற்ற மூன்று ஜாதியும் தாங்கும், 12 பாயின்ட் அளவு இருக்கிறது, நீ ஒன்றைத் தேர்ந்தெடு' என்று அவர் காதில் விழும்.

அந்தக் கையில் பாஸ் சொல்ல வேண்டும். கஷ்டம்தான், ஆனால் காத்திருங்கள். இடப்பக்கமும் பாஸ் என்றால், ஹார்ட்டின் குறைவாக உள்ள பார்ட்னரே பெரும்பாலும் டபுள் சொல்வார். அதுவும் டேக்அவுட்தான். நீங்கள் மறுபடி பாஸ் சொன்னதும் அது பெனால்டி ஆகிவிடும், அதாவது எதிராளி அந்த ஏலத்திலேயே ஆடித் தோற்கட்டும் என்று விடுவது. பெரம்பூரில் எங்கள் மொட்டைமாடி ஆட்டத்தில் இது புரியவே எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது.

அடுத்த முறை டபுள் கேட்டதும் இரண்டைப் பாருங்கள்: சொன்னவரின் பார்ட்னர் ஏற்கெனவே ஏதாவது ஜாதி கேட்டாரா? ஏலம் கேம் அளவுக்கு ஏறிவிட்டதா? இரண்டும் இல்லையென்றால் டேக்அவுட் என்றே எடுங்கள்.

ஒரு நோ டிரம்ப்புக்குச் சொல்லும் டபுள் மட்டும் வேறு, வழக்கமாக அது பெனால்டி. சிலர் அதையும் மாற்றி வைத்திருப்பார்கள். அதனால் உட்காரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். குரலை அழுத்திச் சொல்லி உணர்த்துவது விதிப்படி தப்பு.