கிராம்பு எண்ணெய் தோலைச் சுட்டது ஏன்? 50 மி.லி.க்கு எத்தனை துளி?

கேள்வி: “தோள்பட்டை வலிக்காகக் கிராம்பு எசென்ஷியல் ஆயிலை ஐந்தாறு துளி அப்படியே தேய்த்து, மேலே வெந்நீர்ப் பையும் வைத்தேன். முதலில் மரத்துப்போனது போல இருந்தது, அரை மணி நேரத்தில் எரிச்சல் தாங்க முடியவில்லை. மறுநாள் அந்த இடம் சிவந்து சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்துவிட்டன. லாவெண்டரை இதே மாதிரி பூசியபோது ஒன்றும் ஆகவில்லையே? கலப்படம் இல்லாத இயற்கை எண்ணெய் எப்படிச் சுடும்? 50 மி.லி. கேரியர் ஆயிலில் எத்தனை துளி கலக்கலாம்?”

பதில்: முதலில் தோலைக் கவனியுங்கள். கொப்புளங்களை உடைக்காதீர்கள்; அந்த இடம் முழுமையாக ஆறி, புதுத்தோல் மூடும்வரை எந்த நறுமண எண்ணெயையும், நீர்த்ததாக இருந்தாலும், அதன்மேல் பூச வேண்டாம். சிவப்பு பரவினாலும், சீழ் தெரிந்தாலும், வலி கூடிக்கொண்டே போனாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். இனி எப்போதாவது நீர்க்காத எண்ணெய் தோலில் பட்டு எரியத் தொடங்கினால், வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிப் பயனில்லை, ஏனெனில் எண்ணெய் நீரில் கரையாது. வாசனையில்லாத மென்மையான சோப்பைப் பூசி, ஓடும் நீரில் பத்து நிமிடங்களுக்குக் குறையாமல் கழுவ வேண்டும்.

உங்கள் எண்ணெயில் கலப்படம் இருந்திருக்க வேண்டும் என்று கருதத் தேவையில்லை. கலப்படமற்ற கிராம்பு எண்ணெய் தோலைச் சுடும் என்பதுதான் உண்மை. கிராம்பு மொட்டிலிருந்து வடித்தெடுக்கப்படும் அந்த எண்ணெயில் பெரும்பகுதி, ஏறத்தாழ 70 முதல் 90 விழுக்காடு வரை, யூஜெனால் என்ற ஒரே வேதிப்பொருள். செடி தன் திசுவில் ஒரு பங்காக மட்டுமே வைத்திருக்கும் ஒரு பொருளை நாம் வடித்துப் பிரித்து, செறிவூட்டி, ஒரு சிறு பாட்டிலுக்குள் அடைத்து வைத்திருக்கிறோம். இயற்கையானது என்ற சொல் அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும். எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதைச் சொல்லாது. தோலுக்கோ என்ன பொருள், எவ்வளவு செறிவு என்பதே கணக்கு.

தோலின் மிக வெளிப்புறத்தில் இறந்த செல்கள் செங்கற்களைப் போல அடுக்கப்பட்டிருக்க, அவற்றுக்கு இடையே சாந்து போலக் கொழுப்புப் பொருள்கள் நிரம்பியிருக்கின்றன. தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது பெரும்பாலும் இந்தக் கொழுப்புதான். ஆனால் நறுமண எண்ணெய்களின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை, கொழுப்பில் எளிதாகக் கரைபவை. ஆகவே நீரைத் தடுத்து நிறுத்தும் அதே தடுப்பு, இவற்றுக்கு வழியாகிவிடுகிறது. உள்ளே போகும் யூஜெனால் அளவு மீறியதாக இருந்தால், உயிருள்ள செல்களின் சவ்வைக் குலைத்து, புரதங்களைச் சிதைக்கிறது. உடல் அதற்கு அழற்சியால் பதில் தருகிறது. சிவப்பு, வீக்கம், கொப்புளம் மூன்றும் அந்த அழற்சியின் படிகள்.

நீங்கள் சொன்ன மரத்துப்போன உணர்வுக்கும் இதில் பங்கு உண்டு. யூஜெனால் நரம்பு முனைகளை மரக்கச் செய்யும். பல் வலிக்குக் கிராம்பு எண்ணெய் பழக்கத்தில் இருப்பது இதனால்தான். அதே பொருள் வெப்பத்தை உணரும் நரம்பு ஏற்பிகளையும் தூண்டுவதால் சூடுபட்டது போன்ற எரிச்சலும் தோன்றுகிறது. வலி இல்லை என்பதால் தீங்கு இல்லை என்று எண்ணிய அந்த முதல் அரை மணி நேரத்தில் செல்கள் சிதைந்துகொண்டிருந்திருக்கலாம். அதன்மேல் வெந்நீர்ப் பை வைத்தது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. வெப்பம் இரத்த ஓட்டத்தையும் தோலின் உறிஞ்சும் திறனையும் கூட்டுகிறது. மேலே மூடியிருப்பதால், காற்றில் ஆவியாகிப் போயிருக்க வேண்டிய பங்கும் தோலுக்குள் தள்ளப்படுகிறது. நறுமண எண்ணெய் பூசிய இடத்தை இறுக மூடுவதையும், அதன்மேல் சூடு வைப்பதையும் நீர்த்த கலவைக்குக்கூட நான் பரிந்துரைப்பதில்லை.

லாவெண்டர் உங்களைச் சுடாததற்குக் காரணம் அதன் வேதியியல். அதில் மிகுந்திருப்பவை லினலூலும் லினலைல் அசிட்டேட்டும். இவை யூஜெனாலைப் போலச் செல்களை நேரடியாகத் தாக்குபவை அல்ல. ஆனால் அதனால் லாவெண்டரை நேரடியாகப் பூசலாம் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அங்கே ஆபத்து வேறு வடிவில், மெதுவாக வருகிறது. திறந்த பாட்டிலில் காற்றுப் பட்டுப் பட்டு லினலூல் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறும்போது உருவாகும் பொருள்கள் வலுவான ஒவ்வாமைத் தூண்டிகள். செறிவான நிலையில் மீண்டும் மீண்டும் பூசினால், நோய் எதிர்ப்பு அமைப்பு அவற்றை எதிரியாக நினைவில் வைத்துக்கொள்ளும். அந்த நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும், அதன்பிறகு சோப்பிலோ கிரீமிலோ உள்ள சிறு அளவு லாவெண்டர்கூட அரிப்பைக் கிளப்பும்.

இந்த இரண்டையும் பிரித்தறிய நேரமும் இடமும் உதவும். நேரடிச் சூடு சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் தெரியும், எண்ணெய் பட்ட இடத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும், அரிப்பைவிட எரிச்சலே மிகுந்திருக்கும். ஒவ்வாமையோ ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை கழித்துத் தலைகாட்டும், எண்ணெய் படாத இடத்துக்கும் பரவலாம், அரிப்பே மேலோங்கி நிற்கும். உங்கள் விவரிப்பு முதல் வகையோடு பொருந்துகிறது. இரண்டாவது வகை என்றால் நீர்த்தல் உதவாது. அந்த எண்ணெயை அடியோடு நிறுத்த வேண்டியதுதான்.

இனி அளவுக்கு வருவோம். உடலில் பூசும் கலவைக்குப் பொதுவாக 1 முதல் 2.5 விழுக்காடும், முகத்துக்கு 0.5 முதல் 1 விழுக்காடும் சொல்லப்படுகின்றன. இந்த எண்கள் மென்மையான எண்ணெய்களுக்கு உரியவை. கிராம்பு போன்றவற்றுக்குத் தனியாக ஓர் உச்ச வரம்பு உண்டு. அந்த வரம்பு பொது அளவைவிடக் குறைவாக இருந்தால் வரம்பே செல்லும். கிராம்பு மொட்டு எண்ணெய்க்குப் பரவலாக ஏற்கப்பட்ட தோல் வரம்பு 0.5 விழுக்காடு. பட்டையிலிருந்து எடுத்த இலவங்கப்பட்டை எண்ணெய்க்கு அது 0.1 விழுக்காட்டுக்கும் கீழே. ஆகவே எந்த எண்ணெயானாலும் 2 விழுக்காடு என்று ஒரே அளவைப் பயன்படுத்துபவர், லாவெண்டரில் பாதுகாப்பாக இருந்துவிட்டு, கிராம்பில் நான்கு மடங்கு மீறிவிடுவார்.

கணக்கு எளிது. கலவையின் மொத்த அளவை விழுக்காட்டால் பெருக்கி 100 ஆல் வகுத்தால், சேர்க்க வேண்டிய நறுமண எண்ணெய் மி.லி. அளவில் கிடைக்கும். 50 மி.லி.க்கு 0.5 விழுக்காடு என்றால் 50 × 0.5 ÷ 100 = 0.25 மி.லி. ஒரு மி.லி.க்கு 20 துளி என்ற வழக்கமான கணக்கில் அது 5 துளி. நீங்கள் அன்று ஒரு தோள்பட்டையில் தேய்த்த ஐந்து துளியும் இந்த 50 மி.லி. முழுவதற்கும் உரிய அளவு என்பதைக் கவனியுங்கள். இந்தக் கலவையில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. எடுத்துத் தோளில் தேய்த்தால், தோலுக்குப் போவது அரைத் துளிக் கிராம்பு எண்ணெய் மட்டுமே.

கிராம்போடு லாவெண்டரும் சேர்க்க விரும்பினால், மொத்தம் 2 விழுக்காடு, அதாவது 1 மி.லி. என்று வைத்துக்கொள்ளலாம். கிராம்புக்கு அதன் வரம்பான 0.25 மி.லி. போக, மீதி 0.75 மி.லி., அதாவது 15 துளி, லாவெண்டர். கேரியர் எண்ணெய் 49 மி.லி. ஆனால் கிராம்போடு இலவங்கப்பட்டை மரத்தின் இலையிலிருந்து எடுத்த எண்ணெயைச் சேர்க்க நினைத்தால் கணக்கு மாறும். அந்த எண்ணெயிலும் பெரும்பகுதி யூஜெனால்தான். ஆகவே இரண்டுக்கும் தனித்தனியாக 0.5 கொடுக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தே 0.5 ஐத் தாண்டக் கூடாது. பாட்டிலின் பெயரை மட்டும் பார்த்துக் கலப்பவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

துளிக் கணக்கை மட்டும் முழுதாக நம்ப வேண்டாம். மூடியின் துளையும் எண்ணெயின் அடர்த்தியும் மாறும்போது துளியின் அளவும் மாறுகிறது. ஒரு பாட்டிலில் 20 துளி 1 மி.லி. ஆகும், வேறொன்றில் 30 துளிக்கு மேல் தேவைப்படும். யாரோ 30 துளிக் கணக்கில் எழுதிய செய்முறையை நீங்கள் பெரிய துளி விழும் பாட்டிலால் செய்தால், கலவை ஒன்றரை மடங்கு செறிவாகிவிடும். உங்கள் பாட்டிலிலிருந்து ஊசி நீக்கிய ஒரு சிரிஞ்சுக்குள் துளித்துளியாக விட்டு, 1 மி.லி. கோட்டை எட்ட எத்தனை துளி ஆகிறது என்று ஒருமுறை எண்ணி, அதைப் பாட்டிலின் மேலேயே எழுதி வையுங்கள். கிராம்பு எண்ணெய் சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும் என்பதால் அந்த சிரிஞ்சை மறுபடி பயன்படுத்தாமல், கலவையை அடர்நிறக் கண்ணாடிப் பாட்டிலிலேயே வைக்க வேண்டும். 10 மி.லி. போன்ற சிறு அளவில் கிராம்புக் கலவை செய்வதையும் தவிர்க்கச் சொல்வேன்: அங்கே அனுமதி ஒரே ஒரு துளி, கை தவறி இரண்டாவது துளி விழுந்தால் செறிவு இரட்டிப்பாகிவிடும்.

ஏற்கெனவே அதிகமாகக் கலந்துவிட்டால் கொட்ட வேண்டியதில்லை. 50 மி.லி.யில் 20 துளிக் கிராம்பு எண்ணெய் விட்டிருந்தால் அது 2 விழுக்காடு, தேவையானதைவிட நான்கு மடங்கு. அதிலிருந்து 10 மி.லி. எடுத்து, கேரியர் எண்ணெய் 30 மி.லி. சேர்த்தால் 40 மி.லி. கலவை 0.5 விழுக்காட்டுக்கு வந்துவிடும். கேரியராக எள், தேங்காய், பாதாம், ஜோஜோபா எதுவும் சரியே, அது கொழுப்பு எண்ணெயாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. தண்ணீரிலோ கற்றாழைச் சாற்றிலோ விட்டால் துளிகள் கலக்காமல் தனியே நின்று, நீர்க்காத எண்ணெயாகவே தோலில் ஒட்டும்.

தோல் ஆறிய பிறகு, புதிய கலவையில் ஒரு துளியை முன்கையின் உட்புறத்தில் பூசி 48 மணி நேரம் பாருங்கள். மூன்றாம் நாளும் ஒருமுறை பார்ப்பது நல்லது. சோதனைக்கும் கலவையையே பயன்படுத்த வேண்டும், பாட்டிலிலிருந்து நேராக எடுத்த எண்ணெயை அல்ல. அந்த இடம் அமைதியாக இருந்தால், இந்தக் கலவை இப்போது உங்களுக்கு ஒத்துப்போகிறது என்று கொள்ளலாம். பின்னாளில் ஒவ்வாமை உருவாகாது என்பதற்கு அது உறுதியாகாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எந்த அளவிலும் கிராம்பு எண்ணெய் வேண்டாம். கருவுற்றவர்களும் தோல் நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டபின்பே பயன்படுத்த வேண்டும். நீர்க்காத பாட்டிலைச் சிறுவர்களின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், ஏனெனில் கிராம்பு எண்ணெயை விழுங்கினால் சிறு பிள்ளைகளின் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம்.