கிளைப் பட்டியலை வைத்து ஒரு கடைத்தொடரை அளப்பது: கேள்வி பதில்

கல்லூரி மாணவர்: ஒரு தொடரின் இணையதளத்திலிருந்து கிளைப் பட்டியலை எடுத்தேன். அறுநூற்றுச் சொச்சம் வரிகள் வந்தன. அதையே கடைகளின் எண்ணிக்கை என்று அறிக்கையில் எழுதிவிடலாமா?

வேண்டாம். அந்தப் பட்டியல் வாடிக்கையாளருக்கு வழி காட்டுவதற்காகப் போடப்பட்டது. எண்ணிப் பார்க்க வருகிறவர்களை மனத்தில் வைத்து யாரும் அதைப் பராமரிப்பதில்லை. நான் அளந்த ஒரு தொடரின் பட்டியலில் 640 வரிகள் இருந்தன. அவற்றில் 19 வரிகள் ஒரே கடையின் மறுபதிவுகள். உள்ளே வந்து வாங்குவதற்கு ஒரு வரி, வாகனத்திலிருந்தபடியே வாங்கும் சாளரத்துக்கு இன்னொரு வரி என்று போட்டிருந்தார்கள். இன்னும் 14 கடைகள் திறக்கப்படவே இல்லை. 'விரைவில்' என்ற குறிப்பு பக்கத்தில் தெரிந்தாலும், பதிவிறக்கிய கோப்பில் அது வேறொரு பத்தியில் ஒளிந்திருந்தது. 11 கடைகள் மூடப்பட்டிருந்தன. மீதம் 596.

மறுபதிவுகளை நீக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. வரைபட ஆயத்தொலைவு ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இரண்டு வரிகளை ஒரே கடை என்று முடிவு செய்யக்கூடாது. முகவரியைப் புரிந்துகொள்ள முடியாதபோது மென்பொருள் அந்த நகரத்தின் மையப்புள்ளியையே போட்டுவிடும். ஒரே புள்ளியில் ஏழெட்டுக் கடைகள் குவிந்திருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். தொலைபேசி எண்ணும் கதவு எண்ணும் ஒத்துப்போனால் மட்டும் நீக்குங்கள்.

அதே மாணவர்: பட்டியலில் விடுபட்ட கடைகளை எப்படிக் கண்டுபிடிப்பது? இல்லாததை எண்ண முடியாதே?

இன்னொரு பட்டியல் வேண்டும், அது முதல் பட்டியலைப் பார்த்து எழுதப்பட்டதாக இருக்கக்கூடாது. நான் வரைபடச் செயலியில் பொதுமக்கள் சேர்த்த பதிவுகளை எடுத்துக்கொண்டேன். மீன்வளத்துறையினர் ஏரியில் மீன்களுக்கு அடையாளமிட்டு விட்டு, மறுமுறை பிடிக்கும்போது அடையாளமிட்டவை எத்தனை என்று பார்ப்பார்கள் அல்லவா, அதே கணக்குதான் இங்கும்:

```
N = (n1 + 1)(n2 + 1) / (m + 1) - 1
```

n1, n2 என்பன இரண்டு பட்டியல்களின் நீளம். m இரண்டிலும் உள்ள கடைகள். இரண்டாவது பட்டியலில் 540 பதிவுகள் இருந்தன, அவற்றில் 500 முதல் பட்டியலோடு பொருந்தின. சூத்திரம் 644 என்றது. சுமார் ஐம்பது கடைகள் விடுபட்டிருப்பதாகத் தோன்றவே, பொருந்தாத 40 பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் விசாரித்தேன். 22 கடைகள் எப்போதோ மூடப்பட்டவை. 9 கடைகள் முதல் பட்டியலில் ஏற்கெனவே இருந்தன. தெருப்பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் இருந்ததால் பொருந்தவில்லை. மெய்யாகவே விடுபட்டவை 9 மட்டும். இப்போது n2 518, m 509. சூத்திரம் தருவது ஏறத்தாழ 607. விசாரித்து உறுதியானவை 605.

பொருத்தும் வேலையில் நேர்ந்த பிழையும் மூடிய கடைகளும் சேர்ந்தே விடையை 37 கடைகள் ஊதிவிட்டன என்பதைக் கவனியுங்கள். எதிர்த்திசைப் பிழையும் உண்டு. விமான நிலையத்துக்குள்ளோ அலுவலக வளாகத்துக்குள்ளோ இருக்கும் கடைகள் இரண்டு பட்டியல்களிலுமே விடுபடக்கூடும், அப்போது சூத்திரம் குறைத்தே சொல்லும். அதைச் சரிசெய்யும் வழி சூத்திரத்துக்குள் கிடையாது.

தன்னார்வ முதலீட்டாளர்: இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு கடைக்கும் ஒரு குறியீட்டு எண் இருக்கிறது. பெரிய எண் 812 என்றால் 812 கடைகள், அவ்வளவுதானே?

பாதி சரி. எண்கள் வரிசையாகக் கொடுக்கப்பட்டு, மூடிய கடையின் எண் மறுபடி வழங்கப்படாமல் இருந்தால், 812 என்பது இதுவரை திறக்கப்பட்ட கடைகளைக் காட்டும். இன்று இயங்குகிறவற்றைக் காட்டாது. இரண்டுக்குமான இடைவெளி மூடப்பட்டவை எத்தனை என்று சொல்கிறது, சில வேளைகளில் அதுதான் பட்டியலிலேயே மிகவும் பயனுள்ள செய்தி. ஆனால் சில தொடர்கள் வட்டாரத்துக்கு ஒரு நூறு என்று எண்களை ஒதுக்கிவைக்கும், சில தொடர்கள் ஃபிரான்சைஸ் கடைகளை 5000-இலிருந்து தொடங்கும். எண்களை வரிசைப்படுத்தி, இடைவெளிகள் சிதறிக் கிடக்கின்றனவா, பெரிய கட்டிகளாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கட்டியாக இருந்தால் அது ஒதுக்கீடு. அவற்றை மூடிய கடைகளாகக் கொள்ளாதீர்கள்.

ஆய்வு நிறுவனத்தில் பணிபுரிபவர்: நிறுவனம் தானாகச் சொல்லாதபோது, எது சொந்தக் கடை, எது ஃபிரான்சைஸ் என்று பிரிப்பது எப்படி? பெயர்ப்பலகை இரண்டிலும் ஒன்றாகத்தானே இருக்கிறது?

பெயர்ப்பலகையை விட்டுவிட்டு ரசீதின் அடிப்பகுதியைப் பாருங்கள். விற்றவர் யார் என்ற சட்டப்பூர்வமான பெயரும் வரிப் பதிவு எண்ணும் பெரும்பாலும் அங்கே அச்சாகியிருக்கும். தாய் நிறுவனத்தின் பெயரோ, அதன் துணை நிறுவனத்தின் பெயரோ இருந்தால் சொந்தக் கடை. வேறொரு பெயராக இருந்தால் ஃபிரான்சைஸ் என்று தற்காலிகமாகக் கொள்ளலாம். துணை நிறுவனங்களின் பட்டியலை ஆண்டறிக்கையிலிருந்து முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சொந்தக் கடைகள் எல்லாம் அந்நியர் கடைகளாகிவிடும்.

605 கடைகளிலும் ரசீது வாங்க முடியாது. நான் 80 கடைகளில் வாங்கினேன்: பெருநகரங்களிலிருந்த 245 கடைகளில் 40, மற்ற ஊர்களிலிருந்த 360 கடைகளில் 40, இரண்டிலும் குலுக்கல் முறையில். பெருநகரங்களில் 28 ரசீதுகள் நிறுவனத்தின் பெயரில் இருந்தன, மற்ற ஊர்களில் 8. மொத்தமாகக் கூட்டி 80-இல் 36, அதாவது 45 சதவீதம், ஆகவே 272 சொந்தக் கடைகள் என்று எழுதினால் தவறு. பெருநகரக் கடைகளை அவற்றின் பங்குக்கு மேல் எடுத்திருக்கிறோமே. தனித்தனியாகப் பெருக்க வேண்டும்: 245-இல் 70 சதவீதம் 171 அல்லது 172, 360-இல் 20 சதவீதம் 72, ஆக ஏறத்தாழ 244. மாதிரி சிறியது என்பதால் மெய்யான எண் ஏறக்குறைய 190-க்கும் 300-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். இந்த வீச்சை எழுதாமல் 244 என்று மட்டும் அச்சிடுகிற அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

ஒரு தொடரின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்: ரசீதை இவ்வளவு நம்பாதீர்கள். எங்கள் தொடரில் கடையில் முதலீடு செய்தவர் வெளியாள், நடத்தியது நாங்கள், ரசீது எங்கள் பெயரில். உங்கள் முறைப்படி அது சொந்தக் கடை ஆகிவிடுமே?

ஆகிவிடும், உங்கள் ஆட்சேபம் நியாயமானது. தொழிலில் கோகோ, ஃபோஃபோ, ஃபோகோ என்று பேசிக்கொள்வார்கள்: முதலும் நடத்துவதும் நிறுவனமே என்றால் கோகோ, இரண்டும் வெளியாள் என்றால் ஃபோஃபோ, முதல் வெளியாளுடையது, நடத்துவது நிறுவனம் என்றால் ஃபோகோ. நீங்கள் சொல்வது ஃபோகோ. ரசீது விற்பனை யாருடையது என்று மட்டும் சொல்லும், முதல் யாருடையது என்று சொல்லாது. இதற்கு நான் பயன்படுத்தும் துணைச்சான்று வேலைவாய்ப்பு விளம்பரம்: கடைப் பணியாளரை நிறுவனமே தன் பக்கத்தில் தேடினால் நடத்துவது நிறுவனம் என்று தெரியும். ஆனால் அதுவும் நடத்துபவரைத்தான் காட்டுகிறது. ரசீதும் விளம்பரமும் சேர்ந்தாலும் ஃபோகோவையும் கோகோவையும் பிரிக்க முடியாது. வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது என்பது தெரிந்தால் ஓரளவு பிரிக்கலாம், அது வெளியில் அரிதாகவே கிடைக்கும். என் அறிக்கையில் 'நிறுவனம் நடத்துபவை' என்று எழுதியதும், 'நிறுவனத்துக்குச் சொந்தமானவை' என்பதைத் தவிர்த்ததும் இதனால்தான்.

அதே ஓய்வுபெற்றவர்: அப்படியானால் ஒரு நாடு முழுவதற்குமான உரிமையை ஒரே கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டால்?

அவர் தன் கையிலும் சில கடைகளை வைத்திருப்பார், மற்றவர்களுக்கும் உள்ளுரிமை கொடுத்திருப்பார். உரிமையாளர் நிறுவனத்தின் பார்வையில் அத்தனையும் ஃபிரான்சைஸ். கூட்டாளியின் ஆண்டறிக்கையில் அவற்றில் ஒரு பகுதி சொந்தக் கடை. இரண்டும் உண்மை. எந்த நிறுவனத்தை அளக்கிறோம் என்பதை முதல் வரியில் எழுதிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

சிறு தொழில் தொடங்க நினைப்பவர்: இந்தக் கணக்கை வைத்து எந்தத் தொடரின் ஃபிரான்சைஸை எடுத்தால் லாபம் என்று சொல்லுங்களேன்.

இந்தக் கணக்கு லாபத்தைப் பற்றி எதுவும் பேசாது. ஆனால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை பட்டியலை எடுத்து, காணாமல்போன கடைகள் ஃபிரான்சைஸா சொந்தமா என்று பாருங்கள். அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் விற்கும் நிறுவனம் வாங்குபவருக்கு முன்கூட்டியே தர வேண்டிய வெளிப்படுத்தல் ஆவணத்தில், 20-ஆம் பிரிவு கடந்த மூன்று ஆண்டுகளில் திறந்தவை, மூடியவை, கைமாறியவை, நிறுவனமே திரும்ப எடுத்துக்கொண்டவை ஆகியவற்றை அட்டவணையாகவே தருகிறது. அங்கே இயங்கும் தொடர் என்றால் என் முறைகளையெல்லாம் தொடும் முன் அதைத்தான் படிப்பேன். கைமாறிய கடையின் முகவரி பட்டியலில் மாறாது என்பதால், பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அந்தத் தோல்வி தெரியவே தெரியாது.

அடுக்குத் தட்டுகள் தயாரித்து விற்பவர்: எனக்கு 605 என்றாலும் 607 என்றாலும் ஒன்றுதான். எத்தனை பேரிடம் போய்ப் பேச வேண்டும்?

உங்களுக்குக் கடைகளின் எண்ணிக்கையே தேவையில்லை. முடிவெடுப்பவர்களின் எண்ணிக்கைதான் தேவை. ரசீதுகளைக் கடைவாரியாக அல்லாமல் வரிப் பதிவு எண் வாரியாக அடுக்குங்கள். என் 80 ரசீதுகளில் ஃபிரான்சைஸ் 44; அவற்றில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. ஆனால் மாதிரியில் கண்ட பெயர்களை எண்ணி, அந்த விகிதத்தை 605-க்கு விரித்துவிடாதீர்கள். முப்பது கடை வைத்திருப்பவர் மாதிரியில் சிக்குவது எளிது, ஒரு கடைக்காரர் சிக்குவது அரிது. மேலும் எந்தத் தட்டு வாங்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே நிறுவனம் விதித்திருந்தால், நீங்கள் பேச வேண்டிய ஆள் ஒருவர்தான்.

ஆய்வு நிறுவனத்தில் பணிபுரிபவர்: கடைகளின் எண்ணிக்கையை ஒரு கடையின் சராசரி விற்பனையால் பெருக்கினால் நிறுவனத்தின் வருவாய் வந்துவிடாதா?

ஃபிரான்சைஸ் கடையின் விற்பனை நிறுவனத்தின் வருவாய் ஆகாது; அதிலிருந்து வரும் உரிமத்தொகையும், இடம் நிறுவனத்துடையதாக இருந்தால் வாடகையும் மட்டுமே அதன் கணக்கில் சேரும். 2023-இல் மெக்டொனால்ட்ஸ் தொடரின் எல்லாக் கடைகளின் விற்பனையும் 13,000 கோடி டாலரை நெருங்கியது, நிறுவனத்தின் வருவாயோ 2,550 கோடி டாலர் அளவில்தான் நின்றது. கடைகளில் சுமார் 95 சதவீதம் ஃபிரான்சைஸ் என்பதே காரணம். அதே ஆண்டில் ஸ்டார்பக்ஸின் 38,000 கடைகளில் பாதிக்குச் சற்று மேல் நிறுவனமே நடத்தியவை, அங்கே இந்த இடைவெளி மிகவும் குறைவு. சொந்தக் கடைகளின் விற்பனையைத் தனியாகவும், ஃபிரான்சைஸ் விற்பனையில் உரிமத்தொகையின் சதவீதத்தைத் தனியாகவும் கணக்கிட்டுக் கூட்டுங்கள். இரண்டு வகைக் கடைகளுக்கும் ஒரே சராசரியைப் போடாதீர்கள். என் தொடரில் சொந்தக் கடைகள் பெரும்பாலும் பெருநகரங்களில் இருந்தன.

கல்லூரி மாணவர்: பெரிய அங்காடிக்குள் ஒரு மேசை போட்டு விற்கும் இடத்தைக் கடை என்று எண்ணலாமா?

நான் எண்ணுவதில்லை, தனிப் பணமேசையும் தனி ரசீதும் இருந்தால் மட்டும் சேர்க்கிறேன். இதே வேலையைச் செய்யும் என் நண்பர் ஒருவர், பெயர்ப்பலகை தொங்கினாலே சேர்த்துவிடுகிறார். அந்த 605-இல் அவர் கணக்குப்படி இன்னும் இருபதாவது கூடும். யார் சரி என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.