ஒரே கேம் லைப்ரரி, மூன்று பேர்: எத்தனை பிரதி வாங்க வேண்டும்?

கேள்வி: கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரே கணக்கில் 14 கேம்கள் வாங்கி வைத்திருக்கிறேன். நான், மகன், மகள் மூவரும் அதே பாஸ்வேர்டில்தான் நுழைகிறோம். மகள் லேப்டாப்பில் கேமைத் திறந்தால் மகனின் கம்ப்யூட்டரில் ஓடும் கேம் நின்றுவிடுகிறது. தனித்தனிக் கணக்கு தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி வாங்க வேண்டுமா?

பதில்: தனிக் கணக்கு கட்டாயம் வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் மறுபடி வாங்க வேண்டியதில்லை.

ஸ்டீம் ஒரு கணக்கை ஒரு ஆளாகத்தான் பார்க்கிறது. அதே கணக்கு இரண்டாவது கருவியில் கேமைத் தொடங்கினால் முதல் கருவியில் ஓடுவது துண்டிக்கப்படும். பாஸ்வேர்டை மாற்றினாலும், வேகமான இணையம் போட்டாலும் இது தீராது.

தீர்வு, 2024 செப்டம்பரில் முழுமையாக வெளிவந்த ஸ்டீம் ஃபேமிலீஸ் என்ற குடும்பப் பகிர்வு வசதி. பழைய பகிர்வு முறையில் உரிமையாளர் எந்த கேமைத் திறந்தாலும் இரவல் வாங்கியவர் வெளியேற வேண்டியிருந்தது. அந்த நினைப்பில் இன்றும் பலர் ஒரே கேமை வீண் செலவாக இரண்டு முறை வாங்குகிறார்கள். இப்போது பூட்டு லைப்ரரிக்கு இல்லை, ஒவ்வொரு பிரதிக்கும்தான். நீங்கள் ஒரு கேமில் இருக்கும்போதே மகன் உங்கள் லைப்ரரியிலிருந்து வேறொரு கேமை ஆடலாம். ஒரே பிரதியை இருவர் ஒரே நேரத்தில் ஆட மட்டும் முடியாது.

பிள்ளைகளுக்குச் சொந்த மின்னஞ்சலில் ஆளுக்கொரு கணக்கு தொடங்குங்கள். உங்கள் கணக்கில் `Settings` போய் `Family` பகுதியில் குடும்பத்தை உருவாக்கி, இருவருக்கும் அழைப்பு அனுப்புங்கள். சிறு பிள்ளை என்றால் `Child` என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கேம் வேண்டுமென்றால் பிள்ளை உங்களுக்குக் கோரிக்கை அனுப்பலாம், நீங்கள் ஒப்புக்கொண்டு பணம் கட்டலாம். உங்கள் பணம் செலுத்தும் விவரங்கள் இருக்கும் கணக்கில் பிள்ளைகள் நுழையும் இன்றைய ஏற்பாட்டைவிட இது எவ்வளவோ பாதுகாப்பு. கடைசியாக உங்கள் பழைய பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். ஒரு வருத்தம் இருக்கும்: சேமித்த ஆட்டம் கணக்கோடு ஒட்டியது, அதனால் பிள்ளைகள் புதுக் கணக்கில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இனி செலவுக் கணக்கு. 14 கேம்களில் மகனும் மகளும் சேர்ந்தே ஆடுபவை 2 என்று வைத்துக்கொள்வோம். அவற்றுக்கு மட்டும் இரண்டாவது பிரதி தேவை. அதைக் குடும்பத்தில் யார் கணக்கில் வாங்கினாலும் இருவர் ஒன்றாக ஆடலாம். நீங்களும் சேர்ந்தால் மூன்றாவது பிரதி. இன்னொரு கேம் வேறு நிறுவனத்தின் கணக்கைக் கேட்கிறது என்றால் அது பொதுவாகப் பகிரப்படாது. மகன் அதை ஆட விரும்பினால் அவன் கணக்கில் தனியாக வாங்க வேண்டியதுதான். ஆக, புதிதாக 3 பிரதிகள். எல்லாவற்றையும் இருவருக்கும் வாங்கினால் 28 ஆகியிருக்கும்.

பகிரலாமா என்பதை வாங்கும் முன்பே பார்க்கலாம். கடைப் பக்கத்தில் அம்சங்களின் பட்டியலில் `Family Sharing` இருக்க வேண்டும். தவறாக வாங்கிவிட்டால் 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கேமுக்குள் காசு கொடுத்து வாங்கும் பொருட்கள் எப்படியும் பகிரப்படாது.

புதுப் பிரதியை யார் பெயரில் வாங்குவது என்பதில்தான் கவனம் தேவை. உங்கள் பிரதியில் ஆடும்போது பிள்ளை ஏமாற்று மென்பொருளைப் பயன்படுத்திப் பிடிபட்டால், அந்த கேமில் உங்களுக்கும் தடை விழும். அதனால் இணையத்தில் போட்டி போட்டு ஆடும் கேம்களை ஆடுபவர் பெயரிலேயே வாங்குங்கள். தனியாக ஆடும் கதை கேம்கள் உங்கள் கணக்கில் இருக்கட்டும். வாங்கிய கேமைப் பிறகு வேறு கணக்குக்கு மாற்ற முடியாது.

குடும்பத்தில் 6 பேர் வரை சேரலாம். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கான ஏற்பாடு இது. காலியிடம் இருக்கிறதே என்று மகனின் நண்பனைச் சேர்த்துவிடாதீர்கள். அவன் போனாலும், அவன் சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு ஆகும் வரை அந்த இடத்தில் புது ஆளைச் சேர்க்க முடியாது. வெளியேறும் பெரியவரும் அதே ஓராண்டு முடியும்வரை வேறு குடும்பத்தில் சேர முடியாது. வெளியேறிய நிமிடமே மற்றவர்களின் கேம்கள் அவர் லைப்ரரியிலிருந்து போய்விடும். சேமித்த ஆட்டம் மட்டும் அவருடனேயே இருக்கும், பின்னால் அந்த கேமைச் சொந்தமாக வாங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மகன் சில ஆண்டுகளில் தனிக்குடித்தனம் போவான் என்றால், அவன் தினமும் ஆடும் கேம்களை இப்போதிருந்தே அவன் கணக்கில் வாங்கி வாருங்கள்.