மலையில் மழையா, மாலையில் மழையா?

அன்புள்ள ஐயா,

பயணப் படங்களை இன்ஸ்டாகிராமில் பதிவிடுகிறேன். படவரியைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இரங்கல் சுவரொட்டி போல் கனக்கிறது என்கிறார்கள் நண்பர்கள். ஆங்கில எழுத்தில் எழுதினால் அம்மாவுக்குப் படிக்க வரவில்லை. எதைப் பின்பற்றுவது? இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

மேகம் இறங்கிய கொடைக்கானல் சரிவின் கீழே malaiyil malai என்று எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் 'மாலையில் மழை' என்று படித்தேன். மறுமுறை பார்த்தபோது 'மலையில் மழை' என்று பட்டது. 'மலையில் மாலை' என்று கொள்ளவும் இடமிருக்கிறது. மூன்றுக்கும் படம் பொருந்துவதால் அதுவும் கைகொடுக்கவில்லை. maalai, mazhai என்று நெடிலையும் ழகரத்தையும் பிரித்துக் காட்டலாம்தான். ஆனால் எல்லோரும் அப்படி எழுதுவதில்லை என்பதால், ஒற்றை a என்பது குறிலைக் குறிக்கிறதா, அவசரத்தில் விழுந்ததா என்று படிப்பவரால் அறிய முடியாது. அதே எழுத்தில் enna panra என்று வந்தால் யாரும் தடுமாறுவதில்லை. நாள்தோறும் வாட்ஸ்அப்பில் காணும் தொடரைக் கண் எழுத்துக்கூட்டாமல் மொத்தமாக அடையாளம் கண்டுகொள்கிறது. ஆங்கில எழுத்து பழகிய பேச்சைத் தாங்கும். நீங்கள் புதிதாகக் கோத்த வரியைத் தாங்காது.

கனத்தைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. பேருந்து நிலையப் படத்தில் seri, kelambalaam என்று இருந்த வரியைத் தமிழ் எழுத்துக்கு மாற்றும்போது 'பயணத்தைத் தொடங்குவோம்' என்று ஆக்கிவிட்டீர்கள். எழுத்தோடு சேர்த்து மொழியையும் மாற்றியதால் வந்த கனம் அது. 'சரி, கிளம்பலாம்' என்றே எழுதியிருந்தால் பெரும்பகுதி இறங்கியிருக்கும். முழுவதும் இறங்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்: ஆங்கில எழுத்தில் கைபேசிக்குள் கிசுகிசுக்கும் தொனி ஒன்று உண்டு, நண்பர்களின் கேலிக்கு அது பொருந்துகிறது, அங்கே நான் அதை மாற்றச் சொல்லமாட்டேன்.

சுவரொட்டித் தோற்றத்துக்கு இன்னொரு காரணம், படத்தின் மேலேயே பதிக்க நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் தடித்த எழுத்துரு. சிறிய அளவில் ண, ஞ ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுக் கரும்புள்ளிகளாகிவிடுகின்றன. மெல்லிய எழுத்துருவுக்கு மாறி, வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதல் இடம் விடுங்கள். இல்லாவிட்டால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் மெய்ப்புள்ளியும் முட்டிக்கொள்ளும். புதிய செயலி எதையும் பயன்படுத்துமுன் அதில் 'கொடைக்கானல்' என்று தட்டிப் பாருங்கள். கொம்பு க-வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போனாலோ, புள்ளிவட்டம் ஒன்று முளைத்தாலோ, அந்தச் செயலிக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். எழுத்து எழுத்தாகத் தோன்றும் அசைவூட்டத்திலும் இதே சிதைவு நேர்வதுண்டு. அங்கே சொல் சொல்லாகத் தோன்றும்படி அமைப்பது நல்லது.

கொடைக்கானல் படத்தின் வரியை மட்டும் இன்றே தமிழ் எழுத்துக்கு மாற்றிவிடுங்கள். அது மலையா, மாலையா என்று எனக்கும் தெரிய வேண்டும்.