வடிகால் எந்தச் சபைக்குச் சொந்தம்?

*ஐயா, வணக்கம். வவுனியாவில் நகர எல்லைக்குச் சற்று வெளியே, பிரதேச சபைப் பகுதியில் குடியிருக்கிறேன். மாரி தொடங்கினால் எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம். நகரத்துக் கழிவுநீர் அப்பாவின் வயலுக்குள் வருகிறது. போன போகத்தில் கால் ஏக்கரை விதைக்காமலே விட்டார். நகரசபை மாநகரசபையாகிவிட்டது. சுற்றியுள்ள பகுதிகளையும் அதன் எல்லைக்குள் சேர்த்துவிட்டால் எல்லாம் தீராதா? பல சபைகளுக்கும் பொதுவாக ஒரு தனி அதிகாரசபை வேண்டும் என்று நீங்கள் ஏன் எழுதினீர்கள்? சிங்கப்பூரில் ஒரே நிர்வாகம்தானே? கிராமத்துச் சபைகளுக்கு நகரத்தைப் பற்றி என்ன தெரியும்? எல்லை விரிவாக்கம் கோரி ஒரு மனு தயாரிக்கிறோம். கையெழுத்திடுவீர்களா?*
*ச., வவுனியா*

அன்புள்ள தம்பி,

உங்கள் அப்பா விதைக்காமல் விட்ட கால் ஏக்கருக்காகவே இந்தப் பதிலை எழுதுகிறேன். அந்த நிலத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர் யாரிடமும் முறையிட்டிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். முறையிட யாருமில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். நகரசபைக்கு அவர் வாக்களிப்பதில்லை. அவர் வாக்களிக்கும் பிரதேச சபைக்கோ நகரத்தின் வடிகால் மீது எந்த அதிகாரமும் இல்லை. சில மாதங்களாக என் மனதில் கிடந்த விடயமும் இதுதான்.

சிங்கப்பூரை விட்டுவிடுங்கள். அது ஒரு நாடு. அங்கே எல்லைக்கு அப்பால் வேறொரு பிரதேச சபை இல்லை. கிராமத்துச் சபைகளுக்கு என்ன தெரியும் என்ற கேள்வியை உங்களிடமிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. மேலேயுள்ள குளத்தின் வான் பாயும் நீர் கீழேயுள்ள எந்தக் குளத்துக்குப் போகும், எத்தனை மணித்தியாலத்தில் போய்ச் சேரும், எந்த வாய்க்காலை அடைத்தால் யாருடைய வயல் மூழ்கும் என்பதெல்லாம் உங்கள் அப்பாவின் தலைமுறைக்கு மனப்பாடம். நகர அலுவலகத்துச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் அந்த ஓட்டம் எல்லைக்கோட்டோடு நின்றுவிடுகிறது. அறியாமை எந்தப் பக்கம் என்று யோசித்துவிட்டு அடுத்த கடிதத்தை எழுதுங்கள்.

வன்னியின் ஒரு நகரோரத்தில் நான் பார்த்த மதகு ஒன்றைச் சொல்கிறேன். நகரப் பக்கத்தில் கொங்கிறீட் வடிகால், மூன்றடி அகலம், நல்ல சரிவு. அது வீதிக்குக் கீழே ஒற்றைக் குழாயாகச் சுருங்கி, மறுபக்கத்தில் புல் மூடிய மண்வாய்க்காலாகிப் பிரதேச சபை எல்லைக்குள் நுழைகிறது. குழாயின் வாயில் பொலித்தீனும் தண்ணீர்ப் போத்தல்களும் அடைத்துக் கிடந்தன. வடிகாலுக்கு ஒரு சபை, வீதிக்கு ஒரு திணைக்களம், வாய்க்காலுக்கு இன்னொரு சபை, அது போய்ச் சேரும் சிறு குளத்துக்கு வேறொரு திணைக்களம். அன்று அங்கே நின்ற அலுவலர்கள் எல்லோரும் நேர்மையாகவே பேசினார்கள். தத்தம் பகுதி ஒழுங்காக இருக்கிறது என்று ஒவ்வொருவரும் சொன்னது உண்மையும்கூட. நகரச் சபை தன் பணத்தில் தன் வடிகாலை அகலமாக்கியதால்தான் கீழே வெள்ளம் கூடியது. முன்பு நகரத்துக்குள்ளேயே தேங்கி மெதுவாக வடிந்த நீர், இப்போது ஒரேயடியாக அந்தக் குழாயின் வாய்க்கு வந்து சேர்ந்தது. நகரத்துக்கு நன்மை, செலவு கீழேயிருப்பவனுக்கு. கீழேயிருப்பவனுக்கு அந்தச் சபையில் வாக்கில்லை.

பொது அதிகாரசபைக்கான காரணம் இதுதான். நகரம் பெரிதாகிவிட்டது என்பதற்காக அது தேவைப்படுவதில்லை. ஒரு சபை எடுக்கும் முடிவின் விலையை இன்னொரு சபையின் மக்கள் கொடுக்கும் வேலைகளுக்கே அது தேவை. தெருவிளக்கும் நூலகமும் சிறுவர் பூங்காவும் அப்படிப்பட்டவை அல்ல. அவை உள்ளூர்ச் சபையிடமே இருக்கவேண்டும். வெள்ளநீர், குடிநீர், கழிவுநீர், குப்பை, பிரதான வீதி ஆகியவை எல்லைக்கோட்டை மதிப்பதில்லை. கொழும்பு மாநகரத்தின் குப்பை பல ஆண்டுகள் மாநகர எல்லைக்கு வெளியே, கொலன்னாவைப் பக்கத்தில் மீதொட்டமுல்லையில் மலையாகக் குவிந்து, 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. குப்பையைப் போட்டவர்களும் அதன் அடியில் குடியிருந்தவர்களும் வெவ்வேறு சபைகளின் வாக்காளர்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே மாநகரமாக்கினால் என்ன என்கிறீர்கள். இதே கேள்வியைச் சரியாக ஆராய்ந்து வேறு வழியில் போன ஒரு நகரம் உண்டு. உங்கள் உறவினர் யாராவது ஒருவராவது அங்கே இருப்பார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரொறன்ரோவில் ஒரு மாநகரமும் அதைச் சுற்றிப் பன்னிரண்டு சிறு சபைகளும் இருந்தன. இன்று நம்மவர்கள் நிறைந்திருக்கும் ஸ்காபரோ அவற்றில் ஒன்று. அப்போது பெரும்பாலும் வயலும் தோட்டமுமாக இருந்தது. புதிய வீடுகள் எழுந்தது இந்தச் சுற்றுச் சபைகளில்தான். ஆனால் அவற்றில் சிலவற்றுக்கு ஒன்ராறியோ ஏரியை எட்டும் கரையே கிடையாது. கிணறுகளை நம்பியிருந்தார்கள், அல்லது மாநகரத்திடம் தண்ணீர் வாங்கினார்கள். கழிவுநீர் வீட்டுக் குழிகளிலும், சிற்றாறுகளின் கரையிலிருந்த சிறு சுத்திகரிப்பு நிலையங்களிலும் போய் விழுந்து, டொன், ஹம்பர் ஆறுகளைக் கெடுத்தது. பெரிய குழாய் போடக் கடன் எடுக்கலாம் என்றால், சிறு சபைக்கு வட்டி அதிகம், கடன் கிடைப்பதே அரிது.

1950 இல் ரொறன்ரோ மாநகரம் எல்லாச் சபைகளையும் தன்னோடு இணைக்கும்படி மாகாணத்திடம் விண்ணப்பித்தது. சுற்றுச் சபைகளில் பெரும்பாலானவை எதிர்த்தன. வழக்கு ஒன்ராறியோ மாநகர வாரியத்திடம் போய், நீண்ட விசாரணைக்குப் பின் 1953 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: இணைப்பு வேண்டாம், பதின்மூன்று சபைகளும் அப்படியே இருக்கட்டும், மேலே ஒரு பொதுச் சபை அமையட்டும். 1954 ஜனவரி முதலாம் திகதி அது வேலையைத் தொடங்கியது. மாநகரத்துக்குப் பன்னிரண்டு ஆசனங்கள், சுற்றுச் சபைகளுக்கு ஆளுக்கொன்றாகப் பன்னிரண்டு, ஒரு தலைவர். ஆசனங்களில் அமர்ந்தவர்கள் ஏற்கெனவே தத்தம் சபைக்குத் தெரிவானவர்கள். கீழேயிருப்பவன் வாக்களித்த ஆள் மேலேயிருப்பவனோடு ஒரே மேசையில் இருந்து வடிகாலின் அகலத்தைத் தீர்மானிக்கலாம் என்றால், வயல் வெள்ளத்துக்கு முறையிட ஓர் இடம் இருக்கிறது.

அவர்கள் வேலையைப் பிரித்த விதத்தைக் கவனியுங்கள், ஏனென்றால் நம்மவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். பொதுச் சபை ஏரியிலிருந்து நீரை எடுத்துச் சுத்திகரித்துப் பெரிய குழாயில் ஒவ்வொரு சபையின் எல்லைவரை கொண்டுவந்து மொத்தமாக விற்றது. அங்கிருந்து வீட்டுக் குழாய்வரை கொண்டுபோய்ப் பணம் அறவிடுவது உள்ளூர்ச் சபையின் வேலை. கழிவுநீரிலும் அப்படியே: தெருக் குழாய் உள்ளூருக்கு, பிரதான குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் பொதுச் சபைக்கு. ஆற்றங்கரைச் சிறு நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

பணம்தான் இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு. இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள். பொதுச் சபை மக்களிடம் நேரடியாக வரி கேட்கவில்லை. பதின்மூன்று சபைகளின் எல்லைக்குள்ளும் வீடு, கடை, தொழிற்சாலை எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட்டது. பின்னர் தன் ஆண்டுச் செலவை அந்த மதிப்பின் விகிதப்படி ஒவ்வொரு சபைக்கும் பங்கிட்டது. சொத்து மதிப்பில் பாதிக்கும் மேல் மாநகரத்திடம் இருந்ததால் பாதிக்கும் மேற்பட்ட செலவும் அதனிடமே விழுந்தது. புதிய குழாய்களில் பெரும்பகுதி போனதோ வீடு எழும் சுற்றுச் சபைகளுக்கு. கடனும் பொதுச் சபையின் பெயரிலேயே எடுக்கப்பட்டதால், தனியாகக் கடன் எடுக்க முடியாத சிறு சபையும் மாநகரத்தின் வட்டியிலேயே பெரிய குழாயைப் பெற்றது. நம் குளக்கட்டுக்கு மண்போடும் வேலையை அவரவர் காணியின் பரப்புக்கேற்பப் பங்கிட்டுக்கொண்ட முறையை உங்கள் அப்பாவிடம் கேளுங்கள்; இந்த ஏற்பாடு அவருக்குப் புதிதாகத் தோன்றாது.

இப்போது நம் நிலைமைக்கு வாருங்கள். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டப்படி, கட்டடங்கள் செறிந்த பகுதி என்று பிரகடனப்படுத்தப்பட்ட இடத்தில்தான் ஒரு பிரதேச சபை சோலைவரி அறவிட முடியும். நகரோரத்தில் வயலை நிரப்பி வீடுகள் எழும் வேகத்துக்குப் பிரகடனங்கள் வருவதில்லை. ஆகவே வடிகால் மிகவும் தேவைப்படும் ஒழுங்கையிலிருந்துதான் சபைக்குச் சோலைவரி கிடைப்பதில்லை. கடைத்தெருவின் வரி முழுவதும் எல்லைக்கு உட்பட்ட நகரத்துக்குப் போகிறது, அந்தக் கடைகளில் பொருள் வாங்குகிறவர்களில் பலர் எல்லைக்கு வெளியே குடியிருக்கிறார்கள். நீங்கள் கேட்கும் எல்லை விரிவாக்கம் இந்த வரிக் கணக்கில் பாதியைச் சரிசெய்யும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் ஒழுங்கை உள்ளே வந்துவிடும். ஆனால் நீர் புதிய எல்லையோடு நிற்காது. அடுத்த குளத்தின் கீழே இன்னொரு அப்பாவின் வயல் இருக்கிறது. எவ்வளவு விரித்தாலும் எல்லைக்கு வெளியே ஒரு கடைசி வயல் இருக்கும்.

ரொறன்ரோவும் இங்கேதான் தவறியது. ஆசனப் பங்கீட்டைப் பின்னர் திருத்தினார்கள்; 1967 இல் பதின்மூன்று சபைகளை ஆறாகக் குறைத்தார்கள். வெளி எல்லையை மட்டும் பெரிதாக நகர்த்தவில்லை. வளர்ச்சி அதைத் தாண்டி மிசிசாகா பக்கம் ஓடியபோது அந்தப் பக்கம் பொதுச் சபையின் எல்லைக்கு வெளியேயே கிடந்தது. கடைசியில் 1998 இல் எல்லாம் ஒரே மாநகரமாக இணைக்கப்பட்ட பின்னும் அந்த வெளிப்புறம் வெளியேதான் இருக்கிறது. எனவே நம் ஊரில் ஒரு பொதுச் சபை அமைவதானால் அதன் எல்லையை இன்றைய வீடுகளை வைத்துக் கீறக்கூடாது. நகரத்துக்கு மேலேயுள்ள முதற் குளத்திலிருந்து, கீழே நீர் ஆற்றில் சேரும் இடம்வரை ஒரு குளத்தொடரின் முழு நீரேந்துபரப்பையும் அது தழுவவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கொழும்பிலிருந்து ஒரு அமைச்சரால் நியமிக்கப்படும் அதிகாரசபையை நான் கேட்கவில்லை. 1978 இல் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகாரசபை நம்மிடம் ஏற்கெனவே உண்டு. திட்டம் வரைவதும் கட்டட அனுமதியை ஒழுங்குபடுத்துவதும் அதன் வேலைகள். அதன் பணிப்பாளர் சபையை உங்கள் அப்பாவின் வாக்கு எட்டாது. ஊழலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் பேசப்போவதில்லை. நேர்மையான அதிகாரியும்கூட, தன்னை யார் நீக்கமுடியும் என்பதைப் பார்த்துத்தான் வடிகாலின் திசையைத் தீர்மானிப்பார்.

மனுவைப் பற்றி: எல்லை விரிவாக்கத்தை மட்டும் கேட்கும் மனுவில் நான் கையெழுத்திடமாட்டேன். அதை இப்படித் திருத்திக்கொண்டு வாருங்கள்: மாநகரசபையும் அயற் பிரதேச சபைகளும் தத்தம் தெரிவான உறுப்பினர்களை அனுப்பும் ஒரு பொது நீர்வடிகால் சபை, ஒரே அளவுகோலில் சொத்து மதிப்பீடு, அந்த மதிப்பின்படி செலவுப் பங்கு, குளத்தொடரின்படி எல்லை. வருவதற்குமுன் அப்பாவோடு நடந்து, நகரத்து வடிகால் எந்தக் குளத்தில் விழுகிறது, அந்தக் குளத்தின் வான் எந்தப் பக்கம் பாய்கிறது, துருசுக்குக் கீழே எத்தனை பேரின் வயல் இருக்கிறது என்று ஒரு கொப்பியில் வரைந்து எடுத்துவாருங்கள். அந்த வரைபடத்தையும் மனுவோடு இணைத்துவிடுவோம்.